எப்போது விழிக்கும் என்று தெரியாத குழந்தையும் மூன்று தொழில்களும்

வீட்டில் மூன்று வயதில் ஒன்று, பத்து மாதத்தில் ஒன்று. ‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்?’ என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் பதில் கிடையாது. அதனால் வீட்டிலிருந்தே செய்ய எந்தத் தொழில் என்று யோசிக்கும் முன் ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். கை இரண்டும் சும்மா ஆன நேரம், அது முடிந்த நேரம், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள், பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில்.

ஏழு நாளில் 23 இடைவெளிகள் கிடைத்திருந்தன. அவற்றில் ஒன்பது பத்து நிமிடத்துக்கும் குறைவு, சராசரி 6 நிமிடம். எட்டு இடைவெளி 17 நிமிட அளவில். நான்கு 33 நிமிட அளவில். இரண்டே இரண்டு மட்டும் 55 நிமிடம் வரை நீண்டவை. எல்லாவற்றையும் கூட்டினால் 432 நிமிடம், அதாவது 7 மணி 12 நிமிடம். பரவாயில்லையே என்று முதலில் தோன்றியது. கணக்கில் ஒன்றை விட்டுவிட்டேன் என்பது அப்புறம்தான் புரிந்தது: போட்ட வேலையை மறுபடி கையில் எடுக்க ஆகும் நேரம்.

துணியைத் தேடி எடுத்து, எந்த இடத்தில் விட்டோம் என்று பார்த்து, ஊசியில் நூல் கோத்து உட்கார 12 நிமிடம் ஆகிற வேலை என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்குக் குறைந்த ஒன்பதும் அப்படியே வீண். 17 நிமிடத்தில் 5 மிஞ்சும், 33இல் 21, 55இல் 43. கூட்டிப் பார்த்தால் 210 நிமிடம். ஏழு மணி நேரம் மூன்றரை மணி நேரமாகிவிட்டது. அதுவே 3 நிமிடத்தில் மறுபடி தொடங்கிவிடும் வேலை என்றால் அதே வாரத்தில் 363 நிமிடம் கையில் நிற்கும், ஆறு மணி நேரத்துக்கு மேல். குழந்தைகளும் அவர்களே, தூக்கமும் அதேதான், வேலை மட்டும்தான் வேறு.

ஆக, எந்தத் தொழிலையும் நான் இரண்டு கேள்வி வைத்துத்தான் பார்த்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர எத்தனை நிமிடம்? யாருடைய கடிகாரத்துக்கு ஓட வேண்டும், என்னுடையதா, வாடிக்கையாளருடையதா?

இரண்டாவது கேள்வியிலேயே சில தொழில்கள் விழுந்துவிடும். ஆன்லைனில் பாடம் எடுப்பது எனக்குப் பிடித்த வேலை, ஆனால் ஐந்து மணி வகுப்பு என்றால் ஐந்து மணிக்கு நான் திரைக்கு முன்னால் இருக்க வேண்டும், அந்த நேரத்தில் பின்னால் யாரும் அழக்கூடாது. நம்பி விட்டுச் செல்ல ஓர் ஆள் இருந்தால் தவிர இது நடக்காது. கேக் செய்து விற்பதும் அப்படித்தான். அடுப்பில் இருப்பதைப் பாதியில் விட முடியாது, பிறந்தநாளைத் தள்ளிப்போடவும் முடியாது. ஒரு முறை செய்துவைத்துத் திரும்பத் திரும்ப விற்கும் டிஜிட்டல் அட்டவணை, நாட்குறிப்பு மாதிரிகள் மேலோட்டமாகப் பார்த்தால் சுலபம் போலத் தெரியும். ஆனால் தொடக்கத்தில் நீண்ட, கலையாத நேரம் கேட்கும், பல மாதம் ஒன்றும் விற்காமலும் போகலாம். இவற்றை ஒதுக்கிவிட்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: துணிப் பை தைத்து விற்பது, பழைய குழந்தை உடைகளை வாங்கி விற்பது, சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது. மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தும் பார்த்தேன்.

தையலில் முதலில் செய்த தவறு, ஆல்டரேஷன் வேலை எடுத்தது. கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் சின்ன வேலைகள்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் குறித்துச் சொல்ல வேண்டும். பெரியவனுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் ஐந்து பேரின் உடைகள் மூட்டையாகக் கிடந்தன. அந்த வாரம் நான் மன்னிப்புக் கேட்டதுதான் வேலையாக இருந்தது. அதனால் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டு, முன்கூட்டியே தைத்து வைத்து விற்கும் பொருளுக்கு மாறினேன். நாடா கோத்த சுருக்குப் பை. அளவு எடுக்க வேண்டாம், யாருக்கும் தேதி சொல்ல வேண்டாம்.

இதில் ஒரு பையை முழுதாகத் தைத்து முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பது மோசமான வழி. இருபது பைக்கும் ஒரே கட்டத்தை முடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். துணியை முதலில் துவைத்துக் காயவைத்துத் தேய்த்துக்கொள்வேன். பருத்தி முதல் அலசலில் சுருங்கும், வாங்கியவர் வீட்டில் போய்ச் சுருங்கினால் நாடா போகும் வாயிலில் மடிப்பு விழும். அப்புறம் துணியை நான்கு மடிப்பாகப் போட்டு 40 துண்டுகள் வெட்டுவது. இதற்குத்தான் அந்த 55 நிமிட இடைவெளி வேண்டும், ஏனென்றால் தரையில் விரித்த துணியையும் கத்தரியையும் அப்படியே விட்டு எழுந்துபோக முடியாது. அடுத்து நாடா போகும் மேல் மடிப்பு, பிறகு பக்கத் தையல், கடைசியில் ஊக்கில் மாட்டி நாடா இழுப்பது. தைக்கும்போது ஒரு துண்டு முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்ததை அப்படியே ஊசிக்கடியில் தள்ளிவிடுவேன். இருபதும் தோரணம் மாதிரி தொங்கும், கடைசியில் மொத்தமாக அறுத்துக்கொள்ளலாம். நடுவில் அழுகைச் சத்தம் கேட்டால் ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டு, மெஷின் சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்துவிடலாம். திரும்பி வரும்போது துணி நகராமல் அங்கேயே இருக்கும்.

இப்படி மாற்றியதிலும், மெஷினுக்கென்று ஒரு மேசையை ஒதுக்கியதிலும் மறுதொடக்கம் 12 நிமிடத்திலிருந்து 5 ஆனது. ஆறு நிமிட இடைவெளிகளில் மிஞ்சும் ஒரு நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் வாரத்துக்கு 308 நிமிடம். மனசுக்கு இதமான எண். ஆனால் ஒரு விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. நீளமான இடைவெளிகள் எல்லாம் குழந்தை தூங்கும் நேரம்தான், மெஷின் சத்தம் போடும். 55 நிமிட இடைவெளி இரண்டும், 33 நிமிட இடைவெளிகளில் மூன்றும் தூக்க நேரம். இருப்பது சின்ன வீடு, மெஷினுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான். அந்த ஐந்தையும் கழித்தால் மிஞ்சுவது 124 நிமிடம், இரண்டு மணி நேரம். தூங்கும்போது வெட்டுவது, நாடா கோப்பது போன்ற சத்தமில்லாத வேலைகள், விழித்திருக்கும்போது மெஷின் என்று பிரித்துப் பார்த்தேன். அப்போது வேறு பிரச்சினை. தவழும் குழந்தை இருக்கும் அறையில் ஓடும் மெஷினும் சூடான தேய்ப்புப்பெட்டியும். குண்டூசியை விட்டுவிட்டுத் துணிக் கிளிப்புக்கு மாறியதால் ஒரு பயம் குறைந்தது. மெஷினின் மிதியை மிதிக்கப் பெரியவனுக்கு இருந்த ஆசை குறையவில்லை.

பூட்டக்கூடிய தனி அறை இருக்கிற வீட்டுக்குத் தையல் சரியாக வரும். என் வீடு அப்படி இல்லை.

பழைய குழந்தை உடை விற்பது மறுதொடக்கத்தில் எல்லாவற்றையும் விடச் சுலபமானது. ஒரு பெட்டியைத் திறந்தால் வேலை, மூடினால் முடிந்தது. அதனால்தான் அந்த 3 நிமிடக் கணக்கு. ஆறு நிமிட இடைவெளிகூட இதில் உபயோகமாகும், இரண்டு சட்டையைச் சோதித்து வைத்துவிடலாம். சோதிப்பதற்கென்று சில இடங்கள் உண்டு. கழுத்துப்பட்டையின் உள்பக்கம், கைமுனை, முழங்கால், அரையிடுக்குத் தையல். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள் தெரியும். இடுப்பு எலாஸ்டிக்கைக் காதருகே வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். நெறுநெறுவென்று சத்தம் வந்தால் ரப்பர் காய்ந்துவிட்டது, பார்க்கப் புதிதாக இருந்தாலும் இரண்டு துவைப்பில் தொங்கிவிடும். கழுத்துப் பக்கம் கயிறு வைத்த குல்லாச் சட்டை வந்தால் விற்க மாட்டேன். விளையாடும்போது எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து இருப்பதால் சின்னக் குழந்தைகளின் உடையில் அந்தக் கயிற்றைப் பல நாடுகள் தடுத்திருக்கின்றன.

இங்கே நேரத்தைத் தின்பது வேறொன்று. தனித்தனியாக விற்றால் ஒரு சட்டைக்குச் சோதனை, படம், அளவு, விவரம் எழுதுவது, கேள்விக்குப் பதில், பொட்டலம் என்று 12 நிமிடம் போய்விடுகிறது. 363 நிமிடத்தில் முப்பது சட்டை. ஒரே அளவில் எட்டு உடைகளைச் சேர்த்து ஒரு கட்டாக விற்றபோது கட்டுக்கு 35 நிமிடம்தான் ஆனது, ஏனென்றால் படமும் விவரமும் பொட்டலமும் ஒன்றுதான், பேச வேண்டிய ஆளும் ஒருவர்தான். பத்துக் கட்டு, எண்பது உடை. கட்டாக விற்றால் உடை ஒன்றுக்கு விலை குறையும், உண்மைதான். ஆனாலும் ஒரு மணி நேர வேலைக்கு எனக்கு வந்தது கூடுதலாகவே இருந்தது.

படம் எடுப்பதுதான் முட்டுக்கட்டை. இரவு பத்து மணிக்குக் கிடைக்கும் அமைதியான அரை மணி நேரம் இதற்கு உதவாது, மஞ்சள் விளக்கில் வெள்ளைச் சட்டை கறைபட்டது போலத் தெரியும். பகல் இடைவெளிகள் படத்துக்கு, இரவு எழுதுவதற்கு என்று வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. படம் எடுக்காத உடைகள் மூலையில் ஏறிக்கொண்டே போனால் தொழில் நின்றுபோகிறது என்று அர்த்தம். நான் ஒரு விதி வைத்தேன்: இரண்டு பெட்டி நிரம்பியிருந்தால் புதிதாக வாங்குவது இல்லை.

கடிகாரம் யாருடையது என்ற கேள்விக்கு இது பாதிப் பாதி. அனுப்பும் நாள் செவ்வாய், வெள்ளி மட்டும் என்று விவரத்திலேயே எழுதிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் ‘அளவு என்ன?’, ‘கொஞ்சம் குறைப்பீர்களா?’ என்று வரும் மெசேஜ் வந்த கையோடு பதில் கேட்கும். இரண்டு மணி நேரம் கழித்துச் சொன்னால் அவர்கள் வேறிடத்தில் வாங்கியிருப்பார்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது போன் அதிரும், கை தானாகப் போகும். பணத்தைவிட இதுதான் என்னை இந்தத் தொழிலில் தயங்க வைத்தது.

கணக்கு எழுதுவதை நான் கடைசியாகத்தான் எடுத்தேன். திருமணத்துக்கு முன் ஓர் அலுவலகத்தில் மூன்று வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன், அந்த அனுபவம் இல்லாமல் இதை ஆரம்பித்திருக்க மாட்டேன். பற்று எது வரவு எது என்பதே குழப்பமாக இருப்பவர் முதலில் சில மாதம் படித்துக்கொண்டுதான் வர வேண்டும். இன்னொன்று, மற்றவருக்காக வரிக் கணக்குத் தாக்கல் செய்யப் பல நாடுகளில் தனித் தகுதியோ பதிவோ வேண்டும். நான் பேரேடு எழுதி, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வரி வேலை அவர்களுடைய ஆடிட்டருடையது.

அலுவலகத்தில் பில்களைப் பதினைந்து பதினைந்தாகக் கட்டிப் பதிவு செய்வோம். கட்டிலுள்ள தொகைகளை முதலில் கால்குலேட்டரில் கூட்டி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடுவது. பதிவு முடிந்ததும் கணினி காட்டும் கூட்டல் அதோடு பொருந்தினால் கட்டு முடிந்தது. வீட்டிலும் அதையே செய்தேன். ஒரு கட்டுக்கு 25 நிமிடம் ஆனது, என் இடைவெளிகளில் பெரும்பாலானவை அதைத் தாங்கவில்லை. பாதியில் எழுந்துபோய்த் திரும்பி வந்து, ஒரே பில்லை இரண்டு தரம் ஏற்றினேன். இப்போது ஐந்து பில்தான் ஒரு கட்டு. பில்லுக்கு ஒன்றரை நிமிடம், கூட்டவும் சரிபார்க்கவும் இன்னும் ஒன்றரை நிமிடம், மொத்தம் 9 நிமிடத்தில் முடிந்துவிடும். ஏற்றிய பில்லைக் கவிழ்த்து வைப்பேன். நடுவில் எழுந்தாலும் மேல்முகம் தெரிகிறதெல்லாம் பாக்கி என்று வந்ததுமே தெரியும்.

மறுதொடக்கத்துக்கு 7 நிமிடம் வைக்கிறேன். கணினி திறக்க, கோப்பைத் தேட, மனசு எண்களுக்குத் திரும்ப அவ்வளவு ஆகிறது. 17 நிமிட இடைவெளியில் 10 மிஞ்சும், அதில் சரியாக ஒரு கட்டு. வாரத்துக்கு 280 நிமிடம், நான்கு மணி 40 நிமிடம். சத்தம் கிடையாது, வெளிச்சம் பார்க்க வேண்டாம், குழந்தை தூங்கினாலும் செய்யலாம், இரவிலும் செய்யலாம். 308 என்று காட்டிய தையல் 124க்கு இறங்கியது மாதிரி இந்த எண் இறங்கவில்லை.

கூட்டல் பொருந்தாத நாளில்தான் இந்த வேலையின் குணம் தெரியும். போன வாரம் ஒரு கட்டில் 63 வித்தியாசம் வந்தது. வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம் என்பது கணக்கு எழுதுபவர்களுக்குப் பழக்கமான சூத்திரம். ஐந்து பில்லையும் முதலிலிருந்து பார்க்காமல், அடுத்தடுத்த இலக்கங்களில் ஏழு வித்தியாசம் உள்ள தொகையை மட்டும் தேடினேன். 81ஐ 18 என்று அடித்திருந்தேன். ஒரு நிமிட வேலை. வித்தியாசம் ஏதாவது ஒரு பில்லின் தொகையாகவே இருந்தால் அது விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு தரம் ஏறியிருக்கிறது. ஒரு தொகையைப் போல இரண்டு மடங்காக இருந்தால் பற்றில் போக வேண்டியது வரவில் போயிருக்கும். தூக்கக் கலக்கத்தில் தவறு வரத்தான் செய்யும். எந்த வகைத் தவறு என்று எண்ணே சொல்லிவிடுவதால் கண்டுபிடிப்பதும் ஓர் இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. கட்டு ஐந்துக்கு மேல் போயிருந்தால் அடங்கியிருக்காது.

மாதக் கடைசியில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயாரிப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது, அதற்கு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். வேண்டியதில்லை. வங்கி அறிக்கையில் ஒவ்வொரு வரியிலும் இருப்பு அச்சாகியிருக்கும். ஒவ்வொரு வாரமும் கடைசி நாளின் இருப்பில் ஒரு கோடு போட்டு, அதுவரைக்கும் நம் பேரேட்டோடு ஒப்பிட்டு முடித்துவிட்டால் ஒரு மணி நேரம் நான்கு கால் மணிகளாகிவிடும். வங்கி பிடித்த கட்டணம், கொடுத்தும் இன்னும் பணமாகாத காசோலை போன்றவை அந்த வாரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும், கடைக்காரருக்கும் நினைவிருக்கும்.

எத்தனை கடை எடுக்கலாம் என்பதை என் தாளை வைத்தே முடிவு செய்தேன். மாதம் 120 பில் வரும் கடை என்றால் 24 கட்டு, 216 நிமிடம். சரிக்கட்டுக்கு ஒரு மணி நேரம், ‘இந்த பில் எதற்கு?’ என்று கேட்டுத் தெளிய அரை மணி நேரம். ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். நல்ல மாதத்தில் நான்கு வாரமும் சேர்ந்தால் என்னிடம் 18 மணி 40 நிமிடம் இருக்கும், மூன்று கடை எடுக்கலாம் போலத் தோன்றும். ஆனால் மாதத்தில் ஒரு வாரம் சளி, காய்ச்சல், பல் முளைப்பது என்று ஏதாவது ஒன்று கொண்டுபோய்விடும் என்று வைத்தால் 14 மணி நேரம்தான். மூன்று கடைக்கு 15 வேண்டும். இரண்டு எடுத்தால் 10, நான்கு மணி நேரம் கையிருப்பு. அந்த நான்கு மணி நேரத்தை நான் வேலை என்று எண்ணுவதில்லை, சளிக்கு ஒதுக்கியது.

கடிகாரம்? மாதத்துக்கு ஒரே ஒரு கெடு, அதுவும் முன்கூட்டியே தெரிந்தது. சிக்கல் என்னவென்றால் எல்லாக் கடைக்காரர்களும் மாதம் முடிந்த முதல் வாரத்தில்தான் ஒரு மூட்டை பில்லைக் கொடுப்பார்கள். நான் இரண்டு பேரிடமும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன், வாரம் ஒரு முறை பில்களைப் படம் எடுத்து அனுப்பினால்தான் எடுப்பேன் என்று. ஒருவர் ஒழுங்காக அனுப்புகிறார். இன்னொருவரை ஞாயிற்றுக்கிழமை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அசல் பில்களை வீட்டுக்கு வாங்குவதில்லை, படங்களை அச்செடுத்துத்தான் கவிழ்த்து வைக்கிறேன். ஒரு முறை வாங்கியதில் ஒரு பில்லின் மேல் பெரியவன் பச்சை கிரேயானில் மீன் வரைந்துவிட்டான், அதைக் கடைக்காரரிடம் கொடுத்தபோது என் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

வருமானத்தை எண்ணாகச் சொல்ல மாட்டேன், இடத்துக்கு இடம் மாறும். விகிதமாகச் சொல்லலாம். எனக்குத் தையலிலும் பழைய உடையிலும் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவு வந்தது, கணக்கில் அதைப்போல இரண்டு மடங்கு. உடை விற்பனையின் 363 நிமிடத்தோடு கணக்கின் 280ஐ ஒப்பிட்டால் நேரத்தில் கணக்கு தோற்கிறது. விகிதத்தைச் சேர்த்தால் 560க்குச் சமம். அதனால் எனக்கு இதுதான். கணக்குப் பழக்கமில்லாத என் அக்காவுக்கு இதே தாளை வைத்துப் பழைய உடையைத்தான் சொன்னேன். அவளுக்கு ஒரே குழந்தை, பகலில் நன்றாகத் தூங்கும், ஜன்னல் பெரியது. மெசேஜ் தொல்லைக்கு அவள் ஒரு வழி வைத்திருக்கிறாள்: அளவுகளையும் கடைசி விலையையும் படத்திலேயே எழுதிவிடுகிறாள், கேட்க மிச்சம் எதுவும் இல்லை.

தையல் மெஷினை விற்கவில்லை, துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். வெட்டி வைத்த இருபது பைகளில் பதினொன்று இன்னும் நாடா இல்லாமல் கிடக்கின்றன. ஃப்ரிட்ஜ் கதவில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறேன், சின்னது நடக்க ஆரம்பித்த பிறகு அந்த 23 எத்தனை ஆகிறது என்று பார்க்க வேண்டும்.